கான்ஸ்டன்ட் டேபிள கார்டாக்கணும்னா: எஸ்ஐ கார்டா, எலக்ட்ரான் வோல்ட் கார்டா?

பிசிக்ஸ் புக்கு கடைசில ஒரு டேபிள் இருக்கும்ல, ஒளிவேகம், பிளாங்க் மாறிலி, எலக்ட்ரான் நிறைன்னு வரிசையா, அத அப்படியே சின்ன எழுத்துல காப்பி பண்ணி பரிட்சைக்கான கார்டுன்னு சொல்லிக்கிறவங்கதான் நிறைய பேரு. மாடர்ன் பிசிக்ஸ் பாடத்துக்கு இன்னொரு வழியும் இருக்கு, மாறிலிகள தனித்தனியா எழுதாம கணக்குல எப்படி சேந்து வருதோ அப்படியே சேத்து எழுதிடறது. ரெண்டையும் ஒரே கணக்குல ஓட்டிப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

500 நானோமீட்டர் ஒளி, ஃபோட்டான் ஆற்றல் எவ்ளோ? எஸ்ஐ கார்டு வச்சிருந்தா இப்படிப் போகும்:

```
E = hc/λ
  = (6.626e-34 × 2.998e8) / 500e-9
  = 3.97e-19 J
  = 3.97e-19 / 1.602e-19 = 2.48 eV
```

சேத்து எழுதுன கார்டுல hc = 1240 eV·nm னு ஒரே வரி:

```
E = 1240/500 = 2.48 eV
```

அவ்ளோதான். 1240ங்கறது ரவுண்ட் பண்ணது, சரியா பாத்தா 1239.84, ஆனா அந்த வித்தியாசம் மூணு இலக்க விடைய தொடாது. நேரம் மிச்சம்ங்கறத விட எனக்கு பெருசா படறது வேற: முதல் வழில நாலு எடத்துல பத்தின் அடுக்கு வருது, அதுல ஒரு மைனஸ் விட்டுப்போனாலும் விடை எங்கயோ போயிடும், அத பாத்தவுடனே கண்டுபிடிக்கவும் முடியாது. ரெண்டாவதுல கண்ணுக்குத் தெரியிற ஒளின்னா சுமாரா ரெண்டுலேர்ந்து மூணு எலக்ட்ரான் வோல்ட்தான், 248ன்னு வந்தா அங்கயே உதைக்கும்.

நிறை வர்ற கணக்குலயும் இதே கதைதான். எலக்ட்ரானோட நிறையை கிலோகிராம்ல எழுதாம mc² = 511000 eV ன்னு போடுங்க. 100 வோல்ட்ல முடுக்குன எலக்ட்ரானோட டி பிராய் அலைநீளம்:

```
λ = hc / √(2 · mc² · K)
  = 1240 / √(2 × 511000 × 100)
  = 0.123 nm
```

கிலோகிராம், ஜூல் எதுவுமே வரல. ஆனா இந்த ஃபார்முலா எலக்ட்ரான் மெதுவா போற வரைக்கும்தான், ஆற்றல் 511000 பக்கம் நெருங்கிட்டா ரிலேட்டிவிட்டி வந்துடும், அதனால அந்த வரிக்குப் பக்கத்துலயே "K சின்னதா இருந்தா மட்டும்"னு எழுதி வைங்க.

சரி, அப்ப எஸ்ஐ கார்டு வேணாமான்னா, வேணும். வாட், வினாடி, ஆம்பியர்னு லேப் அளவு உள்ள வந்த உடனே எலக்ட்ரான் வோல்ட் கார்டு மட்டும் வச்சு ஓட்ட முடியாது. ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர், 633 நானோமீட்டர், வினாடிக்கு எத்தன ஃபோட்டான்? ஒரு ஃபோட்டான் 1.96 eV, ஆனா வாட்டுங்கறது வினாடிக்கு ஜூல், மாத்தியே ஆகணும். கார்டுல போடவேண்டிய மாற்ற எடுத்துக்காட்டே இதுதான்:

```
1.96 eV × (1.602e-19 J / 1 eV) = 3.14e-19 J
1e-3 J/s ÷ 3.14e-19 J = 3.2e15 /s
```

நிறைய டேபிள்ல "இதால பெருக்கு"ன்னு ஒரு நெடுவரிசை இருக்கும், எனக்கு அது சுத்தமா பிடிக்காது. எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம்னு பரிட்சை ஹால்ல குழம்பும், பெருக்கறதுக்கு பதிலா வகுத்துட்டா பத்தொம்பது அடுக்கு தலைகீழாயிடும். மேல மாதிரி பின்னமா எழுதுனா eV மேலயும் கீழயும் அடிபடறது கண்ணு முன்னாடி தெரியும், அடிபடலன்னா தலைகீழா போட்டிருக்கோம்னு அர்த்தம்.

இலக்கம் எத்தன வைக்கலாம்? பெரும்பாலும் நாலு போதும். 2019 மே மாசத்துலேர்ந்து h, e ரெண்டும் வரையறைலயே நிலையா வச்ச எண்கள், அதனால அதுக்கு பிழை அளவு நெடுவரிசையும் வேணாம். நியூக்ளியர் நிறை மட்டும் விதிவிலக்கு, அங்க சுருக்கினா மாட்டிக்குவீங்க. ஹீலியம் கருவோட பிணைப்பு ஆற்றலப் பாருங்க:

```
2(1.007276 + 1.008665) − 4.001506 = 0.030376 u
0.030376 u × 931.5 MeV/u = 28.3 MeV
```

இதையே மூணு இலக்கமா 1.01, 1.01, 4.00ன்னு போட்டா வித்தியாசம் 0.04 ஆகி விடை 37 MeV, மூணுல ஒரு பங்கு கூட. கிட்டத்தட்ட சமமா இருக்குற ரெண்டு பெரிய எண்ண கழிக்கிறோம்ல, மிஞ்சறதே கடைசி இலக்கங்கள்தான். அதனால நிறை வரிசைக்கு மட்டும் டேபிள்ல இருக்குற அத்தன இலக்கத்தையும் எடுத்துக்கங்க, எடம் பத்தலன்னா பிளாங்க் மாறிலில ரெண்டு வெட்டிக்கலாம்.

என் கார்டுல முன்பக்கம் hc, mc², 931.5, மூணு நிறை, அதோட அறை வெப்பநிலைல kT = 0.026 eV. பின்பக்கம் எஸ்ஐ மதிப்புகளும் அந்த லேசர் கணக்கும். மெக்கானிக்ஸ் மட்டும் படிக்கிறவங்களுக்கு முன்பக்கத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல, அவங்க எஸ்ஐ பக்கத்தோட G, g ரெண்டையும் சேத்துக்கிட்டு போயிடலாம்.