ரம்பப் பல் துடிப்பு: மாத்திரையா, மின்னதிர்ச்சியா, சுடுகோடா?

58 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். படபடப்பு என்று வருகிறார். நாடி 150. அரை மணி நேரம் படுக்க வைத்த பிறகும் அதே 150. பயத்தாலோ காய்ச்சலாலோ ஏறிய துடிப்பு இப்படி ஓர் எண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்காது. சற்றாவது ஏறி இறங்கும். அசையாத 150-ஐக் கண்டாலே, இதயத்தின் மேலறை சீராகவும் மிக வேகமாகவும் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஈசிஜியில் II, III, aVF வரிகளைப் பார்த்தால் சந்தேகம் தீரும். அலைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தட்டையான கோடு அங்கே இல்லை. கீழ்நோக்கிய ரம்பப் பற்களே வரிசையாக ஓடுகின்றன. வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி ஒரே மின்னலை ஓயாமல் வட்டமடிப்பதே காரணம். மேலறையில் எங்காவது ஓரிடத்தில் மின்னோட்டம் எப்போதும் இருப்பதால், கோடு தட்டையாக நேரமே கிடைப்பதில்லை. இந்த நோயாளிக்கு ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி ஆகிறது, அதாவது தாளில் ஒரு பெரிய கட்டம். ஆகவே மேலறைத் துடிப்பு நிமிடத்துக்கு 300. அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றைத்தான், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னலை செல்லும் வாசலான ஏவி கணு கீழே அனுப்புகிறது. அதனால் கீழறை 150. ஒவ்வொரு இரண்டாவது பல்லும் கீழறையின் அலைக்குள் ஒளிந்துகொள்வதால் இதைத் தவறவிடுவது எளிது. அடினோசின் ஊசி கணுவைச் சில நொடிகள் அடைத்துவிட்டால் பற்கள் அத்தனையும் வெளியே தெரியும். அது கண்டறிய உதவுமே தவிர, வட்டத்தை நிறுத்தாது.

இனி சிகிச்சை. முதலில் மாத்திரை. பீட்டா தடுப்பான்கள், டில்டியாசெம் போன்றவை வட்டத்தைத் தொடுவதில்லை, கணுவின் வாசலை மட்டும் இறுக்குகின்றன. நான்கில் ஒன்றை மட்டும் விட்டால் நாடி 75. படுத்திருக்கும்போது இது கைகூடலாம். மாடிப்படி ஏறினால் மீண்டும் 150-க்குத் தாவிவிடும். மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைவிட ஃப்ளட்டரில் வேகத்தை அடக்குவது கடினம் என்பதற்கு இந்தத் தாவல்தான் காரணம். துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் ஃப்ளெக்கனைடின் கதை இன்னும் விபரீதம். அது அலையின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவதால் சுற்று 200-லிருந்து 300 மில்லிநொடியாக நீளலாம். மேலறைத் துடிப்பு 300-லிருந்து 200-ஆகக் குறையும். குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 300-ஐ வடிகட்டிய கணு, 200-ஐ ஒன்றுவிடாமல் கடத்திவிடக்கூடும். அப்போது நாடி 150-லிருந்து 200-க்கு எகிறும், ஆள் மயங்கி விழலாம். கணுவை அடக்கும் மருந்து இல்லாமல் இதைத் தனியாகக் கொடுக்கக்கூடாது என்பது அதனால்தான்.

மின்னதிர்ச்சி நேர்மையான வழி. மயக்கம் கொடுத்து, துடிப்போடு ஒத்திசைத்துச் செலுத்தும் 50 முதல் 100 ஜூல் பெரும்பாலும் போதும். வட்டம் அந்த நொடியே அறுந்துவிடும். ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவருக்கு இதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். நிமோனியா, இதய அறுவை சிகிச்சை போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த ஃப்ளட்டருக்கும் இது போதுமானதாக இருக்கலாம். மற்றவர்களிடம் அலை நிற்கிறது, ஆனால் அது ஓடிய பாதை அப்படியே இருக்கிறது.

கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திப் பாதையையே துண்டிப்பது கதீட்டர் அப்ளேஷன். மூவிதழ் வால்வின் விளிம்புக்கும் கீழ்ப்பெருஞ்சிரையின் வாய்க்கும் நடுவே ஒரு குறுகிய தசைப்பட்டை உண்டு. இருபுறமும் மின்சாரம் கடவாத எல்லைகள். சுற்றும் அலைக்கு இந்த இடுக்கைத் தவிர வேறு வழி கிடையாது. ஃபிப்ரிலேஷனில் இப்படி எல்லாரிடமும் ஒரே இடத்தில் இருக்கும் கழுத்துப்பிடி இல்லை. இதில் இருக்கிறது, அதுவே இந்த நோயின் பலவீனம்.

தொடைச் சிரை வழியே கதீட்டரை அனுப்பி, முதலில் இடுக்கிலிருந்தே 180 மில்லிநொடி இடைவெளியில் தூண்டிப் பார்ப்பார்கள். தூண்டலை நிறுத்தியதும் அதே இடத்துக்கு அடுத்த அலை 210 மில்லிநொடியில் திரும்பினால், வட்டத்தின் 200-க்கும் அதற்கும் 10-தான் வித்தியாசம். 30-க்குள் இருந்தால் இடுக்கு வட்டத்தின் பகுதியே. பிறகு வால்விலிருந்து சிரை வரை ரேடியோ அலை வெப்பத்தால் ஒரு கோடு சுடப்படும். பெரும்பாலும் அந்தக் கோடு முடிவதற்குள்ளேயே ஃப்ளட்டர் நின்றுவிடும்.

அங்கே எழுந்துவிடுவதுதான் தவறு. கோட்டில் சிறிய இடைவெளி இருந்தாலும் அலை ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிடும். எனவே கோட்டின் ஒரு பக்கத்தில் தூண்டி, அலை நேராகத் தாண்டாமல் மேலறையைச் சுற்றிவந்து மறுபக்கத்தைக் கடைசியாக அடைகிறதா என்று பார்க்க வேண்டும்; திசையை மாற்றியும் அதையே செய்ய வேண்டும். இரு திசையிலும் அடைபட்டு, அரை மணி நேரம் காத்திருந்தும் அடைப்பு நீடித்தால், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்த ஃப்ளட்டர் திரும்புவதில்லை. தொடையில் ரத்தக்கசிவு ஏற்படலாம்; ஏவி கணு சேதமடைவதும், இதய உறையில் ரத்தம் தேங்குவதும் அரிது.

இடுக்கு வழியாக ஓடும் வகை என்றால் என் தேர்வு அப்ளேஷன்தான், அதுவும் மாத்திரைகளைப் பல மாதம் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்பே. பழைய அறுவைத் தழும்பைச் சுற்றியோ இடது மேலறையிலோ ஓடும் ஃப்ளட்டருக்கு இந்தக் கோடு பயன்படாது. இன்னொன்று: கோடு சரியாக விழுந்தவர்களிலும் கணிசமானோருக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஃபிப்ரிலேஷன் தலைகாட்டுகிறது. ஆகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவதா என்பதை ரம்பப் பல் மறைந்த ஈசிஜியை வைத்து முடிவு செய்வதில்லை. வயது, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை வைத்தே முடிவு செய்கிறார்கள்.