விசிறி ஓடுகிறது என்பதற்கு எது சான்று: அழுத்தச் சுவிச்சா, மின்னோட்டச் சுவிச்சா?

யாழ்ப்பாணத்தில் ஒரு திருமண மண்டபத்தின் குளிரூட்டல் அமைப்பைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நாங்கள் ஏஎச்யூ என்று அழைக்கும் காற்றுக் கையாளும் அலகு அங்கே மேல்மாடி இயந்திர அறையில் இருக்கிறது. அதன் குளிர்நீர் வால்வைத் திறப்பதற்கு முன், விசிறி உண்மையிலேயே காற்றைத் தள்ளுகிறது என்ற சான்று கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கிடைக்க வேண்டும். அந்தச் சான்றை முன்பு அழுத்த வேறுபாட்டுச் சுவிச் கொடுத்தது. இப்போது மின்னோட்டச் சுவிச் கொடுக்கிறது. இரண்டையும் இந்த ஒரே அலகின் பெட்டியில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன்.

சான்று எதற்கு என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான கொயிலுக்குள் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸில் நீர் வருகிறது. விசிறி நின்றபின்பும் வால்வு திறந்திருந்தால் பெட்டிக்குள் தேங்கிய காற்று நன்றாகக் குளிர்ந்து, மாரிகால ஈரம் பெட்டியின் வெளித்தகட்டில் வியர்வையாகப் படிந்து சொட்டத் தொடங்கும். வெளிக்காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடான டம்பரும் மூடாமல் இருந்தால் அந்த ஈரம் உள்ளேயே போய்க் கொயிலில் படியும். ஆகவே சான்று இல்லாமற்போனவுடன் வால்வும் வெளிக்காற்று டம்பரும் மூடவேண்டும்.

மோட்டருக்கு மின்னை இணைக்கும் காந்தச் சுவிச்சான கொன்டக்டரின் துணைத் தொடர்பையே சான்றாகக் கொள்பவர்களும் உண்டு. கொன்டக்டர் இழுத்திருக்கிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. மோட்டரிலிருந்து விசிறியைச் சுழற்றும் பெல்ற் அறுந்தாலும் அது "ஓடுகிறது" என்றே சொல்லும். அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

அழுத்தச் சுவிச்சின் நியாயம் எளிமையானது. விசிறிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு ரியூப்கள் பொருத்தி, இரு பக்க அழுத்த வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால் சான்று கொடுக்கும்படி அதை அமைக்கிறார்கள். எமது பெட்டியில் ஓட்டத்தின்போது வேறுபாடு 350 பஸ்கால் அளவில் இருந்தது. சுவிச்சை 100 பஸ்காலில் வைத்திருந்தோம். பெல்ற் அறுந்தால் வேறுபாடு உடனே விழுந்துவிடும் என்பதால் அந்தக் குற்றத்தை அது தவறாமல் பிடிக்கும். அதன் சிக்கல் ரியூபில் இருக்கிறது. சோளகக் காற்றுக் காலத்தில் உள்ளே புழுதி ஏறுகிறது, மாரியில் தாழ்ந்து தொங்கும் வளைவில் நீர் தேங்குகிறது, சூட்டில் பிளாஸ்டிக் இறுகி முனை கழன்றுவிடுகிறது. மூன்று ஆண்டுகளில் நான்கு முறை அந்த ரியூபுக்காக ஏணி ஏறியிருக்கிறேன், அவற்றில் ஒன்று எறும்புகளின் வேலை. இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை ஓடும் விசிறியை நின்றதாகக் காட்டுபவை. சேதம் எதுவும் இல்லை, ஆனால் தாலி கட்டும் நேரத்தில் மண்டபம் புழுங்கும்.

மாற்ற வைத்த சம்பவம் வேறு வகையானது. மண்டபத்துக்குப் போகும் பிரதான காற்றுக் குழாயில் ஒரு டம்பர் உண்டு. அது திறந்தபின்தான் விசிறி தொடங்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஒரு நாள் காலையில் டம்பரின் இணைப்புக் கவ்வி தளர்ந்து, அதைத் திருப்பும் இயக்கியின் அச்சு முழுதாகச் சுழன்றும் தகடு மூடியபடியே நின்றுவிட்டது. நிலைகாட்டும் சமிக்ஞை அச்சிலிருந்து வருவதேயன்றித் தகட்டிலிருந்து வருவதில்லை. ஆகவே திரையில் 100 வீதம் திறந்ததாகத் தெரிந்தது. விசிறி தொடங்கியது. காற்றுப் போக வழியில்லாவிட்டாலும் விசிறி இரு பக்கங்களுக்கும் இடையில் அழுத்த வேறுபாட்டைப் பிடித்து வைத்திருக்கும். எனவே சுவிச் சான்று கொடுத்தது. மண்டபம் குளிராததைக் கண்ட கட்டுப்பாட்டுக் கருவி வால்வை முழுவதும் திறந்தது. அரை மணி நேரத்தின் பின் காவலாளி ஐயா வந்து, "தம்பி, மேல பெட்டி மழை மாதிரி ஒழுகுது" என்றார்.

கிளாம்ப் மீற்றரை மோட்டர் வயரில் மாட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அது 5.5 கிலோவாற்று மோட்டர், வழமையாக 8.5 அம்பியர் எடுப்பது, அன்று 5.6 மட்டுமே எடுத்தது. முன்வளைந்த இதழ்களையுடைய விசிறியில் காற்றோட்டம் குறையக் குறைய மோட்டரின் சுமையும் குறைகிறது. அழுத்தம் மறைத்த செய்தியை மின்னோட்டம் சொல்லிவிட்டது.

மின்னோட்டச் சுவிச் என்பது மோட்டர் வயர் ஒன்றைச் சுற்றிக் கவ்வும் சிறு வளையம். அது மின்பலகைப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. புழுதியும் எறும்பும் அங்கே வருவதில்லை. ஆனால் அதன் பயன் முழுவதும் அமைக்கும் அளவில் தங்கியிருக்கிறது. வாங்கிய நிலையிலேயே ஒன்றிரண்டு அம்பியரில் விட்டுவிட்டால் அது கொன்டக்டர் தொடர்பைவிடப் பெரிதாக மேலானதல்ல. ஏனெனில் தூண்டல் மோட்டர் சுமையே இல்லாமல் சுழன்றாலும் காந்தப்புலத்துக்காகக் கணிசமான மின்னோட்டத்தை எடுக்கும். நான் முதலில் புதிய வடிகட்டிகளுடனும் திறந்த டம்பருடனும் அளந்தேன்: 8.5. பிறகு மின்னைத் துண்டித்துப் பூட்டிவிட்டுப் பெல்ற்றைக் கழற்றி, மோட்டரை வெறுமனே ஓடவிட்டு அளந்தேன்: 4.8. குளிர்நீரை அடைத்துவிட்டு டம்பரைக் கையால் மூடிப் பார்த்தபோது மீண்டும் 5.6 வந்தது. இவற்றுக்கு இடையில் 6.5 அம்பியரில் சுவிச்சை நிறுத்தினேன். தொடக்கத்தில் 30 செக்கன் வரை சான்றுக்காகக் காத்திருக்கவும், ஓட்டத்தில் 10 செக்கன் தொடர்ந்து சான்று இல்லாவிட்டால் வால்வை மூடவும் கட்டளையிட்டேன்.

இதற்கும் குறைகள் உண்டு. வடிகட்டி அடைபடும்போதும் மின்னோட்டம் குறைவதால், சோளகக் காலத்தில் கழுவ மறந்தால் சுவிச் வீணாகத் தடுக்கலாம். வடிகட்டிக்குத் தனி அழுத்தமானி வைத்திருக்கிறேன். மின்னழுத்தம் உயர்ந்தால் சுமையற்ற மின்னோட்டம் ஏறி, சுமையுள்ள மின்னோட்டம் இறங்கி, இடைவெளி சுருங்கும். ஆகவே அளவை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைப்பது நல்லது. பின்வளைந்த இதழ் விசிறிகளில் டம்பர் மூடியதால் வரும் வீழ்ச்சி சிறியதாக இருக்கலாம். கையால் மூடி அளந்து பார்க்காமல் அங்கே நம்பக்கூடாது.

வேகம் மாற்றும் டிரைவ் உள்ள பெட்டிகளில் என் சாய்வு தளர்கிறது. 50 ஹேர்ட்ஸிலிருந்து 30க்கு இறங்கினால் விசிறியின் வலுத்தேவை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆனால் காந்தப்புலத்துக்கான மின்னோட்டம் அவ்வளவு குறைவதில்லை, ஆகவே பெல்ற் இருக்கும் நிலையும் இல்லாத நிலையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாகிவிடும். அழுத்தமும் தப்புவதில்லை: 350 பஸ்கால் 126 ஆகும், 25 ஹேர்ட்ஸில் 88 ஆகி 100இல் நின்ற சுவிச்சை விழுத்திவிடும். அத்தகைய பெட்டி ஒன்றை ஒரேயொரு மாரிக்குத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே அழுத்தச் சுவிச்சை 50 பஸ்காலுக்கு இறக்கி வைத்து, டிரைவின் குறைசுமை எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டேன். இதுவரை ஒரு தடவைகூட வீணாக நிற்கவில்லை.

திருமண மண்டபத்தில் பழைய அழுத்தச் சுவிச்சைக் கழற்றாமல், சான்றிலிருந்து விலக்கி, திரையில் காட்டுவதற்கு மட்டும் விட்டிருக்கிறேன். அழுத்தம் இருக்க மின்னோட்டம் விழுந்தால் டம்பரின் கவ்வியையும் வடிகட்டியையும் முதலில் பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் பெல்ற்றை.