ஒரு மிக்ஸி வீடியோ, மூன்று தலைப்புகள்: எது சரியான ஆளைக் கூட்டி வரும்?

ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். நான்கு நிமிடம். கெட்டியாக எதையோ அரைக்கும்போது மிக்ஸி சட்டென்று நின்றுவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆற விட்டு, அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோட் பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது. இதை யூடியூபில் ஏற்றப் போகிறோம். தலைப்புக்கு மூன்று யோசனைகள்:

```
1. மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் சொல்லாத ரகசியம்!
2. Mixie not working | Mixer grinder repair in Tamil
3. மிக்ஸி பாதியில் நின்றுவிட்டதா? சிவப்பு பட்டன் | Mixie not working
```

முதல் தலைப்பைப் பார்த்து நிறைய பேர் கிளிக் செய்வார்கள். சிக்கலும் அதுதான். ஜார் ஒழுகுகிறவர், பிளேடு மழுங்கியவர், சும்மா வேடிக்கை பார்ப்பவர் எல்லோரும் வருவார்கள். தங்களுக்கானது இல்லை என்று தெரிந்ததும் போய்விடுவார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எவ்வளவு நேரம் நின்றார் என்று காட்டும் கோடு முதல் அரை நிமிடத்திலேயே செங்குத்தாக இறங்கினால், பெரும்பாலும் தலைப்பு சொன்னதும் வீடியோ காட்டுவதும் வேறு வேறாக இருக்கும். தவிர, மிக்ஸி நின்றுபோய் அடுப்படியில் நிற்பவர் யாரும் ‘ரகசியம்’ என்று தேடப் போவதில்லை.

இரண்டாவது தேடலுக்கு நல்லது. தமிழில் பேசுகிறவர்களில் பலர் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆனால் ‘ஓடவில்லை’ என்பதில் பத்து விதக் கோளாறு அடங்கும். எந்தக் கோளாறு என்று தலைப்பு சொல்லவில்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு. தன் வீட்டில் நடந்தது அப்படியே எழுதியிருப்பதைப் பார்த்தவர் அதைத்தான் தொடுவார். ஆங்கில எழுத்தில் தேடுபவருக்கும் பின்பாதி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தலைப்புக்கு வரம்பு 100 குறியீடுகள். தமிழில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘மிக்ஸி’ நமக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஆறு. ஆகவே தமிழ்த் தலைப்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும். போனில் நீளமான தலைப்பின் வாலும் வெட்டுப்படும் என்பதால் கோளாறை முதலில் எழுதுவதே நல்லது.

தமிழ்த் தலைப்பை மட்டும் வைத்து, ஆங்கிலத் தலைப்பை மொழிபெயர்ப்பாகத் தனியே சேர்க்கும் வசதியும் ஸ்டூடியோவில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எதைக் காட்டுவது என்பது பார்ப்பவர் வைத்திருக்கும் மொழி அமைப்பைப் பொறுத்தது. நம் ஆட்களில் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு ஆங்கிலத் தலைப்பு தெரியும். தமிழ் வீடியோ என்பதே புரியாமல் தாண்டிப் போகக்கூடும். இந்த வீடியோவுக்கு அது வேண்டாம்.

அடுத்து விவரணம். 5000 குறியீடு வரை இடம் இருக்கிறதே என்று mixie, mixi repair, mixer problem என்று சொற்களாகக் கொட்டுவது ஒரு வழக்கம். இப்படி டேக்குகளை விவரணத்தில் குவிப்பதை யூடியூபின் விதியே தடுக்கிறது. வீடியோ நீக்கப்படவும் வாய்ப்புண்டு. விதி ஒருபுறம் இருக்கட்டும், படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. விரித்துப் பார்க்காமலே தெரிவது முதல் ஓரிரு வரிகள்தான். அங்கே இப்படி எழுதலாம்:

```
அரைக்கும்போது மிக்ஸி நின்றுபோனால் அடியில் உள்ள சிவப்பு பட்டனை எப்படி
அமுக்குவது என்று காட்டியிருக்கிறேன். உறுமல் சத்தம் வந்தும் சுற்றாத
மிக்ஸிக்கு இது தீர்வு இல்லை.

00:00 கோளாறு எப்படித் தெரியும்
00:50 பட்டன் எங்கே இருக்கிறது
02:10 மறுபடி மறுபடி நின்றால்
```

இரண்டாவது வாக்கியம் ஆளைத் திருப்பி அனுப்புகிறதே என்று தோன்றலாம். அனுப்பட்டும். அவர் உள்ளே வந்து ஏமாந்து போவதைவிட இது மேல். நேரக் குறிப்புகள் அத்தியாயங்களாக மாற வேண்டுமென்றால் முதல் வரி 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையாமல்.

டேக்குக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். வீடியோவைக் கண்டடைவதில் அவற்றின் பங்கு மிகக் குறைவு, சொற்களை மக்கள் தப்பாகத் தட்டும் இடங்களில்தான் பயன் என்று யூடியூபே சொல்கிறது. நாற்பது பொதுச் சொற்களுக்குப் பதில் mixi, mixy, mixie, மிக்சி, மிக்ஸி என்று எழுத்து வேறுபாடுகளைப் போட்டால் போதும். பெரிய சேனல்களின் பெயரைப் போடுவது வீண், விதிமீறலும்கூட.

ஏற்றிச் சில நாள் கழித்து, ஸ்டூடியோவில் யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் என்ன தட்டினார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் mixie jar leak போன்றவை மேலே இருந்தால் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது. ‘மிக்ஸி சூடாகி நின்றது’ என்று வந்தால், உங்கள் தலைப்பில் ‘சூடாகி’ என்ற சொல்லுக்கு இடம் கொடுங்கள்.