32ஆம் பக்கத்துக்கு அப்புறம் மூன்று பக்கம்: பிடிஎஃப் நடுவே செருக எந்த வழி?

கடைசியில் ஒட்டுவது சுலபம். முன்னால் சேர்ப்பதும் சுலபம். நடுவில், சொன்ன இடத்தில் செருகு என்றால்தான் தடுமாற்றம் வருகிறது. பெரும்பாலும் கருவி சரியாகத்தான் செய்கிறது. நாம் கொடுக்கும் எண்தான் தப்பு.

ஒரு உதாரணத்தையே கடைசி வரை பிடித்துக்கொள்கிறேன். main.pdf ஓர் ஆய்வறிக்கை, மொத்தம் 96 பக்கம். insert.pdf ஒரு பின்னிணைப்பு. அதில் 3, 4, 5 ஆகிய பக்கங்கள் மட்டும் வேண்டும். "24ஆம் பக்கத்துக்குப் பிறகு சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த 24 தாளின் அடியில் அச்சாகியிருக்கும் எண். அதற்கு முன்னால் தலைப்புத் தாள், நன்றியுரை, பொருளடக்கம் என்று 8 பக்கங்கள் ரோமன் எண்ணில் ஓடியிருக்கின்றன. ஆக, கோப்பின் கணக்கில் அது 32ஆவது பக்கம். கீழே வரும் எல்லாக் கருவிகளிலும் இந்த 32ஐ வைத்தே இடத்தைச் சொல்ல வேண்டும். பார்க்கும் செயலி மேலே "24 (32 of 96)" என்று இரண்டு எண்ணையும் காட்டினால் அதிர்ஷ்டம். காட்டாவிட்டால் விரல் விட்டு எண்ணத்தான் வேண்டும்.

முதலில், கண்ணால் பார்த்துச் செய்யும் வழி. மேக்கில் இருக்கும் பிரிவ்யூவில் இரண்டு கோப்புகளையும் திறந்து, பக்கவாட்டில் சிறுபடங்களை வரவழைத்து, ஒன்றிலிருந்து மூன்று படங்களைப் பிடித்து மற்றதில் இரண்டு படங்களுக்கு நடுவே விட வேண்டும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஒரு நிமிட வேலை. ஆனால் "துல்லியம்" என்பது இங்கே கையின் நிதானம்தான். வரைபடமும் அட்டவணையுமாக ஒரே சாயலில் பக்கங்கள் வரிசையாக இருந்தால், சிறுபடத்தில் 31க்கும் 32க்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை நான் ஓர் இடம் தள்ளி விட்டுவிட்டேன். இரண்டு பக்கமாக ஓடிய ஓர் அட்டவணையின் நடுவில் போய் உட்கார்ந்தன மூன்று பக்கங்களும். அச்சுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. இன்னொன்று, பிரிவ்யூ மாற்றத்தைத் தானாகவே மூலக் கோப்பில் சேமித்துவிடும். பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அக்ரோபாட்டின் கட்டண பதிப்பில் கையை நம்ப வேண்டியதில்லை. பக்கங்களை ஒழுங்குபடுத்தும் பகுதியில் கோப்பிலிருந்து செருகு என்றால் ஒரு சிறு பெட்டி வரும்: முன்னாலா, பின்னாலா, எத்தனையாவது பக்கம். "After", 32 என்று கொடுத்தால் முடிந்தது. அலுவலகத்தில் ஏற்கெனவே அக்ரோபாட் இருப்பவர்களுக்கு இதுவே போதும். குறை ஒன்று உண்டு: அந்த வழியில் செருகினால் insert.pdf முழுசாக உள்ளே வந்துவிடும். 3 முதல் 5 வரை மட்டும் வேண்டுமென்றால் முதலில் அவற்றைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுக்க வேண்டும். அல்லது செருகிய பிறகு வேண்டாததை நீக்க வேண்டும். எண்ணத் தவற இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான். இலவச ரீடரில் இது கிடையாது.

இணையதளத்தில் ஏற்றிச் செருகித் தரும் சேவைகளைப் பற்றி ஒரே வரி: கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது, அது பரவாயில்லை என்றால் மட்டும்.

இப்போது நான் அன்றாடம் பயன்படுத்தும் qpdf. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். டெர்மினலைப் பார்த்து மிரள வேண்டாம், மொத்த வேலையும் இந்த ஒரு கட்டளைதான்:

```
qpdf main.pdf --pages . 1-32 insert.pdf 3-5 . 33-z -- out.pdf
```

வாய்விட்டுப் படித்தால் அர்த்தம் தானே வரும்: முதன்மைக் கோப்பில் 1 முதல் 32 வரை, மற்றதில் 3 முதல் 5 வரை, மறுபடி முதன்மையில் 33 முதல் கடைசி வரை. புள்ளி என்பது முதலில் சொன்ன main.pdf, z என்பது கடைசிப் பக்கம். இடம், எடுக்கும் பக்கங்கள் இரண்டும் எழுத்தில் இருப்பதால் யாரிடமும் காட்டிச் சரிபார்க்கலாம். மூலக் கோப்பும் கைபடாமல் இருக்கும்.

இதில் வழக்கமாக வரும் பிழை இரண்டு. ஒன்று, 33-z என்பதற்குப் பதில் 32-z என்று எழுதி ஒரு பக்கத்தை இரட்டிப்பாக்குவது. மற்றது கொஞ்சம் நயமானது. இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகளில் main.pdf இருக்கும் முதல் இடத்தில் `--empty` என்று இருக்கும். அப்படிச் செய்தாலும் பக்கங்கள் சரியாகவே வரிசையாகும், ஆனால் main.pdfஇன் புக்மார்க்குகள் காணாமல் போகும். qpdf புக்மார்க் போன்ற ஆவண அளவிலான விஷயங்களை முதன்மைக் கோப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காலிக் கோப்பு முதன்மையானால் எடுக்க என்ன இருக்கிறது? மேலே எழுதியபடி செய்தால் புக்மார்க்குகள் தங்கும். அவை எண்ணை அல்ல, பக்கத்தையே சுட்டுவதால், மூன்று பக்கம் தள்ளிப் போன அத்தியாயத்தையும் சரியாகத் திறக்கும்.

இதே வேலையை நூறு கோப்புகளுக்குச் செய்ய வேண்டுமென்றால், அதுவும் இடம் கோப்புக்குக் கோப்பு மாறும் என்றால், பைத்தானில் pypdf:

```python
from pypdf import PdfWriter
w = PdfWriter(clone_from="main.pdf")
w.merge(32, "insert.pdf", pages=(2, 5))
w.write("out.pdf")
```

இங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. அதனால் (2, 5) என்பது 3, 4, 5ஆம் பக்கங்கள். 32 என்பதோ "32 பக்கங்கள் கடந்த பின்" என்றே ஆகிறது, நாம் நினைத்த எண்ணேதான். ஒரே வரியில் ஓர் எண் மாறாமலும் மற்றது மாறியும் நிற்பதால், பழகியவர்களே குழம்புவார்கள். ஒரு கோப்புக்காக இதை எடுக்க மாட்டேன்.

எந்த வழியில் செய்தாலும் சரிபார்ப்பு ஒன்றுதான். முதலில் மொத்தப் பக்கம்:

```
qpdf --show-npages out.pdf
```

99 வர வேண்டும். 100 என்றால் பெரும்பாலும் அந்த இரட்டிப்பு. அப்புறம் எல்லையில் இருக்கும் பக்கங்கள். இதற்கு qpdf அல்ல, poppler தொகுப்போடு வரும் pdfinfo என்ற தனிக் கருவி வேண்டும்:

```
pdfinfo -f 32 -l 36 out.pdf
```

இது ஒவ்வொரு பக்கத்தின் அளவையும் சுழற்சியையும் காட்டும். ஏ4 தாள் ஏறக்குறைய 595 x 842 என்று வரும். நடுவில் 33, 34, 35 மட்டும் 612 x 792 என்று வந்தால் பின்னிணைப்பு லெட்டர் தாளில் தயாரானது என்று பொருள். திரையில் உறுத்தாது, அச்சில் ஓரம் மாறும். கடைசியாக 32, 33, 35, 36 ஆகிய நான்கு பக்கங்களைத் திறந்து கண்ணால் பாருங்கள். தையலின் இரண்டு பக்கமும் அவைதான்.

எந்தக் கருவியும் செய்யாத சிலவும் உண்டு. தாளில் அச்சாகியிருக்கும் எண் மாறாது. 24க்கும் 25க்கும் இடையில் மூன்று அந்நிய எண்கள் நிற்கும். பொருளடக்கப் பக்கமும் அப்படியே இருக்கும். இருபுறமும் அச்சிடும் ஆவணம் என்றால், மூன்று என்ற ஒற்றைப்படை எண்ணால் அதன் பிறகு வலப்பக்கத்தில் தொடங்க வேண்டிய அத்தியாயம் எல்லாம் இடப்பக்கத்துக்குப் போய்விடும். ஒரு வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து நான்காக்குவது நல்லது. main.pdf டிஜிட்டல் கையொப்பம் இட்டதாக இருந்தால் செருகிய பின் அந்தக் கையொப்பம் செல்லாது. அதற்குக் குறுக்கு வழி இல்லை, சேர்த்து முடித்த பிறகு மறுபடி கையொப்பம் வாங்க வேண்டியதுதான்.