ரோல் ட்ரான்ஸிஷனா, ரோல் டிஸ்ப்யூட்டா: ஐபிடி-ல எதைக் கையில எடுக்கறது?

எங்ககிட்ட ட்ரெய்னிங்ல இருக்கற பொண்ணு ஒருத்தி போன வாரம் கேட்டா: "அக்கா, க்ளையன்ட்டுக்கு வேலை போயிருக்கு, வீட்லயும் சண்டை, ஐபிடி-ல ரெண்டுல எதை ஃபோகஸா வெக்கறது?" வாட்ஸ்அப்ல ரெண்டு வரில பதில் போட்டேன், அது பத்தலைன்னு தோணுச்சு, அதான் அவளுக்கே சொல்ற மாதிரி இங்க கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

பேஸிக் உனக்குத் தெரிஞ்சதுதான், வேகமா தாண்டிடறேன். ஐபிடி-ங்கறது இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி, ஜெரால்ட் க்ளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970-கள்ல அமெரிக்கால உருவாக்குனது, 1984-ல மேனுவலா வந்துச்சு. வாரம் ஒண்ணுன்னு 12-ல இருந்து 16 செஷன். டிப்ரஷன் ஒரு நோய், அது யாரோடயோ இருக்கற உறவுல, இல்ல வாழ்க்கையில நடந்த ஏதோ மாற்றத்துல பின்னிக் கிடக்கு, அந்த முடிச்சைப் புடிச்சா மூட் ஏறும், அவ்வளவுதான் ஐடியா. நாலு ஏரியா இருக்கு: துக்கம், நெருங்குன ஒருத்தரோட ஓயாத தகராறுங்கற டிஸ்ப்யூட், வேலை, கல்யாணம், குழந்தைன்னு வாழ்க்கைல ஒரு ரோல்லருந்து இன்னொண்ணுக்கு மாறற ட்ரான்ஸிஷன், உறவே அமையாத தனிமை. இதுல ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு எடுக்கணும். யோசிக்கற விதத்தையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தப் பாக்கற சிபிடி-யா, ஐபிடி-யாங்கற சண்டைக்குள்ள நான் போகல, 1989-ல வந்த பெரிய அமெரிக்க ஆய்வுல ரெண்டையும் மாத்திரையோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க, ரெண்டுமே மோசமில்ல. எனக்கு நடு ராத்திரி வரைக்கும் மண்டையக் குடைஞ்சது ஐபிடி-க்கு உள்ள இருக்கற இந்தத் தேர்வுதான்.

நேரா சொல்லிடறேன், ரெண்டும் பொருந்தற மாதிரி இருந்தா நான் ட்ரான்ஸிஷன் பக்கம்தான் சாய்வேன். காரணம் ஒண்ணே ஒண்ணு. டிஸ்ப்யூட்னா எதிராளி ஒருத்தர் இருக்காரு, அவரு உன் ரூமுக்கு வரப்போறதில்ல. நீ 12 வாரம் க்ளையன்ட்டோட உக்காந்து பேசிப் பழக்கி அனுப்பலாம், அந்தப் பக்கம் மாமியாரோ புருஷனோ "இப்ப என்ன புதுசா?"ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாரம் பூரா பண்ணது சரிஞ்சுடும். ட்ரான்ஸிஷன்ல வேலை பெரும்பாலும் க்ளையன்ட் கைலயே இருக்கு. போன ரோலை நெனச்சு அழுது முடிக்கறது, புது ரோல்ல நல்லதும் இருக்குன்னு பாக்கறது, அதுக்கு வேணுங்கற பழக்கத்தையும் துணையையும் தேடறது, இதுக்கெல்லாம் யாரோட சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். டிப்ரஷன்ல இருக்கறவங்களுக்கு "என் கையில ஒண்ணுமே இல்ல"ங்கறதுதான் நோயோட மெயின் வசனம், அப்படிப்பட்டவங்கள இன்னொருத்தர் மனசு மாறறத நம்பி உக்கார வெக்க எனக்கு மனசு வராது.

ஒரு கேஸ் சொல்றேன், அடையாளம் தெரியக் கூடாதுன்னு ரெண்டு மூணு பேர் கதையக் கலந்து, ஊரு தொழில் எல்லாம் மாத்தியிருக்கேன். 31 வயசுப் பொண்ணு, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில எட்டு வருஷம் மெர்ச்சன்டைஸர். குழந்தை பொறந்தப்புறம் வேலைய விட்டுட்டு கோயம்புத்தூர்ல புருஷன் வீட்டுக்கு வந்துட்டா. டிப்ரஷன் எவ்வளவு இருக்குன்னு ஒன்பது கேள்வில அளக்கற பிஹெச்க்யூ-9-ல மொதல் செஷன் ஸ்கோர் 17, ஏற ஏற மோசம். தைராய்டு பாத்தாச்சு, சைக்யாட்ரிஸ்ட்டும் பாத்தாச்சு, தற்கொலை எண்ணம் பத்தின ஒன்பதாவது கேள்விய தனியா உக்காந்து விசாரிச்சேன், அப்படி ஒரு திட்டமும் இல்ல. அவ வாயத் தொறந்ததும் வந்த மொத வார்த்தை "அவருக்கு என்னைப் புரியவே இல்ல மேடம்". கேட்டதும் டிஸ்ப்யூட்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

அவசரப்படல, டைம்லைன் போட்டேன். ஏ4 பேப்பர்ல ஒரு கோடு, மேல என்ன நடந்துச்சு, கீழ மனசும் உடம்பும் எப்படி இருந்துச்சு. மார்ச்ல வேலைய விட்டது. ஜூன்ல குழந்தை தூங்குனாலும் இவளுக்குத் தூக்கம் வரல, பசியில்ல, பழைய டீம் வாட்ஸ்அப் க்ரூப்ப மியூட்ல போட்டுட்டா. சண்டை பெருசானது செப்டம்பர்ல. அதாவது டிப்ரஷன் வந்து மூணு மாசம் கழிச்சு. கூடவே இன்டர்பெர்சனல் இன்வென்டரி எடுத்தேன், யார் யாரு, எவ்வளவு நெருக்கம், ஒவ்வொருத்தர்கிட்ட என்ன எதிர்பார்க்கறா, கெடச்சுதா. அதுல புருஷனப் பத்தி முன்னாடி நல்லதாவே நிறைய வந்துச்சு. நாலாவது செஷன் ஆரம்பத்துல ஃபார்முலேஷன, அதாவது என்ன பிரச்சனை, எதுல இருந்து வந்துச்சுங்கற என் கணிப்ப, அவளுக்குப் புரியற மாதிரி சொன்னேன்: "உனக்கு இருக்கறது டிப்ரஷன், அது ஒரு நோய், உன் குணம் கெட்டதால வரல. எட்டு வருஷம் சம்பாதிச்சு, நாலு பேரு போன் பண்ணிக் கேக்கற ஆளா இருந்த, ஒரே மாசத்துல அது போயிடுச்சு, அதுக்காக ஒரு நாள் கூட உக்காந்து அழல. இதைத்தான் நாம பாக்கப் போறோம், சரியா?" அந்த "சரியா?"வ விட்டுடாத, அவ ஒத்துக்கிட்டாத்தான் அது ஃபோகஸ்.

அப்புறம் பழைய ரோலப் பத்தி ரெண்டு செஷன் பூரா பேச விட்டேன். சம்பளம் வந்ததும் வர்ற எஸ்எம்எஸ், கம்பெனி பஸ்ல பக்கத்து சீட்ல உக்கார்ற ஃப்ரெண்டு, பையர்கிட்ட இங்கிலீஷ்ல பேசி ஜெயிச்சுட்டு வர்ற திமிரு. சொல்லிக்கிட்டே அழுதா, நான் டிஷ்யூவ மட்டும் தள்ளி வெச்சேன். அதே மூச்சுல கெட்டதையும் கேக்கணும், இங்கதான் புதுசா வர்றவங்க சறுக்குவாங்க, பழசு சொர்க்கம் புதுசு நரகம்னு அவங்க சொல்றத அப்படியே நோட்ல எழுதிட்டு வந்துடுவாங்க. நான் கேட்டதுக்கு ஷிப்மென்ட் நேரத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நின்னது, முதுகு வலி, அம்மா ஆபரேஷனுக்கு லீவு கெடைக்காதது எல்லாம் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம்தான் புது ரோல்ல எது பயமா இருக்கு, எது கொஞ்சமாச்சும் பரவால்லன்னு பேச முடிஞ்சுது.

சண்டை என்னாச்சுன்னு கேப்ப. அத நான் ஒதுக்கல, ட்ரான்ஸிஷனுக்குள்ளயே ஒரு துண்டா எடுத்தேன். எட்டாவது செஷன்ல கம்யூனிகேஷன் அனாலிசிஸ், ஒரே ஒரு சம்பவம், வார்த்தைக்கு வார்த்தை. புருஷன் ராத்திரி ஒன்பதுக்கு வந்து "நாள் பூரா வீட்லதான இருந்த, சிலிண்டர் புக் பண்ணலயா?"ன்னாரு. இவ "ஆமா, சும்மாதான் இருந்தேன்"னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போய் பாத்திரத்த டமால்னு வெச்சா. அப்ப என்ன தோணுச்சு, அவருக்கு என்ன தெரியணும்னு நெனச்ச, பாத்திரச் சத்தத்துல அவருக்கு அது கேட்டிருக்குமா? கடைசிக் கேள்விக்கு அவளே சிரிச்சுட்டா. அவ சொல்ல நெனச்சது "ராத்திரி மூணு தடவ எந்திரிச்சேன், எனக்குக் காலைல ஒரு மணி நேரம் வேணும்". அதை என்னை வெச்சு ரோல்ப்ளே பண்ணிப் பாத்தா, அவரு வாசப்படி ஏறும்போது இல்லாம சாப்ட்டப்புறம் சொல்றதுன்னு முடிவு பண்ணா. வாரத்துல ரெண்டு காலைல குழந்தைய அவரு பாத்துக்கறதுன்னு ஆச்சு, அந்த நேரத்துல இவ வீட்லருந்தே பழைய ஃப்ரெண்டோட சின்னதா ஸாம்ப்ளிங் வேலை ஆரம்பிச்சா. ஸ்கோர் ஆறாவது செஷன்ல 13, பதினாலாவதுல 6.

இப்ப டிஸ்ப்யூட் பக்கத்து நியாயம், நான் அடி வாங்கிக் கத்துக்கிட்டது. 60 வயசுல கவர்மென்ட் வேலைல ரிட்டையர் ஆனவரு ஒருத்தர். ரிட்டையர்மென்ட்னதும் நான் கண்ணமூடிட்டு ட்ரான்ஸிஷன்னு எழுதிட்டேன், அவரும் மரியாதைக்கு தலையாட்டிட்டாரு. நாலு செஷன் போச்சு, ஸ்கோர் 16, 15, 16, 16. எப்படித் தெரிஞ்சிருக்கணும்னா, ஒவ்வொரு செஷனும் "போன வாரத்துலருந்து எப்படி இருந்தீங்க?"ன்னு ஆரம்பிப்போம்ல, ஒவ்வொரு தடவையும் அவரு மகனத்தான் சொல்வாரு, பூர்வீக வீட்ட விக்கறதப் பத்தி. நான் அவர இழுத்துப் புடிச்சு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போவேன். ஆபீஸ் பத்திப் பேசும்போது குரல் சமமா இருக்கும், மகன்னு வந்தா தொண்டை அடைக்கும். உணர்ச்சி எங்க இருக்கோ ஃபோகஸ் அங்க இருக்கணும்னு சூப்பர்வைசர் சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

டிஸ்ப்யூட் எடுத்தா மொதல்ல அது எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாக்கணும். இன்னும் பேசி, கத்தி, ஏதோ மாத்தப் பாக்கறாங்களா, இல்ல பேச்சே நின்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டு கெடக்குதா, இல்ல முடிஞ்சே போச்சா. இவரோடது ரெண்டாவது, ஒரே வீட்ல எட்டு மாசமா "சாப்பாடு வந்துச்சா"ங்கறதத் தவிர வேற பேச்சே இல்ல. இதுல சிக்கல் என்னன்னா, நின்னு போனத அசைச்சா மொதல்ல சண்டை கூடும், அமைதியா இருந்த வீட்டக் கலைச்சுட்டன்னு உனக்கே குத்தும். இத க்ளையன்ட்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடு. முடிஞ்சே போன உறவுன்னா கதை வேற, அத விட்டு வெளிய வர்றதே ஒரு ட்ரான்ஸிஷன் ஆகிடும். இவரு கேஸ் பாதிதான் சரியாச்சு, வீடு விஷயம் தீரல, ஆனா மகன்கிட்ட தனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லிட்டாரு, கடைசில ஸ்கோர் 9.

என் சாய்வுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். நம்ம ஊர்ல ட்ரான்ஸிஷன்னு பேர் வெச்சா அது ஈசியா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"வா மாறிடும். மாமியார் சாப்பாட்டக் கணக்கு பாக்கறாங்க, புருஷன் சம்பளத்தப் புடுங்கறாரு, இதெல்லாம் "புது மருமக ரோல்" இல்ல. அதுக்கு நான் வெச்சிருக்கற கேள்வி: நாளைக்கே எதிராளி திருந்திட்டா இவங்களுக்கு மிச்சம் என்ன வலி இருக்கும்? எதுவும் இல்லைன்னா அது டிஸ்ப்யூட். அந்தத் திருப்பூர்ப் பொண்ணு "அவரு தங்கமா மாறுனாலும் நான் யாருன்னு எனக்குத் தெரியாது மேடம்"னா, ரிட்டையர் ஆனவரு "மகன் பேசுனா போதும்"னாரு. அடி உதை இருந்தா இந்த ரெண்டுமே பின்னாடி, பேசக் கத்துக்குடுத்து அனுப்பி அவங்க அடி வாங்கிட்டு வரக்கூடாது, மொதல்ல பாதுகாப்பு, பெண்கள் உதவி எண் 181-அ அவங்க மறக்காத மாதிரி எழுதிக் குடு.

இதெல்லாம் பெரும்பாலும் கல்யாணமான பொண்ணுங்க, நடுத்தர வயசு ஆளுங்கன்னு நான் பாத்ததுலருந்து சொல்றது. காலேஜ் பசங்கள நான் கைவிரல்ல எண்ணற அளவுதான் பாத்திருக்கேன், அங்க என் சாய்வ அப்படியே எடுத்துக்காத. டாக்டரா இல்லாதவங்க இதப் பண்ண முடியுமான்னு உனக்கு உள்ள ஒரு பயம் இருக்குல்ல, அதுக்கு மட்டும் ஒண்ணு: உகாண்டா கிராமங்கள்ல ஊர்க்காரங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்து க்ரூப் ஐபிடி பண்ண ஆய்வு 2003-ல வந்துச்சு, நல்லா வேலை செஞ்சுது. நம்ம கோவால சாதாரண ஆளுங்கள கவுன்சிலரா பழக்கி ஆரம்ப சுகாதார நிலையத்துல பண்ணதுலயும் ஐபிடி ஒரு பகுதி, அது லான்செட்ல 2010-ல வந்துச்சு.

உன் க்ளையன்ட்டுக்கு வர்றேன். வேலை போன தேதி, தூக்கம் கெட்ட தேதி, மொத பெரிய சண்டை தேதி, இந்த மூணையும் அடுத்த செஷன்ல கேட்டு ஒரு கோட்டுல எழுது. மூணும் ஒரே மாசத்துல வந்து விழுந்தா ரெண்டு ஃபோகஸும் வெச்சுக்கலாம், ஆனா மொதல்ல எதத் தொடறதுன்னு அவங்க குரல் எங்க அடைக்குதுன்னு பாத்து முடிவு பண்ணு. பேப்பர வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வா, பேர அடிச்சுட்டு.