ரெஸ்பெக்டட் சாரா, டியரா, பெயரோடு ஒரு சாரா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சீசன் உச்சத்தில் ஒரு நாள் காலை, கொள்முதல் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுதியவருக்கும் எனக்கும் ஒரே பதவி, ஏறக்குறைய ஒரே வயது. கைபேசியில் முதலில் தெரிந்தது இவ்வளவுதான்: 'ரெஸ்பெக்டட் சார், குட் மார்னிங் சார், ஹோப் யூ ஆர்...' அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மதியம் திறந்தபோது ஐந்தாவது வரியில் விஷயம் இருந்தது. பெங்களூரா மாங்காய் லோடு ஒன்றின் எடைச்சீட்டும் பில்லும் ஒத்துப்போகவில்லை. லாரி வாசலில் நிற்கிறது. ஆறு வாக்கியங்களில் ஒன்பது 'சார்'.

'ரெஸ்பெக்டட் சார்' நமக்குப் பள்ளி விடுப்புக் கடிதத்தில் பழகியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவிலும் அது பொருந்தும். அங்கே ஆளுக்கு எழுதவில்லை, நாற்காலிக்கு எழுதுகிறோம். 'டியர் சார்' பெயர் தெரியாத வெளி நிறுவனத்துக்கு ஆகும். அதுவும் படிப்பவர் பெண்ணாக இருந்துவிட்டால் சங்கடம். பெயர் தெரிந்த சக ஊழியருக்கு இரண்டுமே வேண்டாம்.

'டியர்' போட்டு வெறும் பெயரை எழுதுவது ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து வெளிநாட்டுக்கு எழுதுகிறவர்களுக்குச் சரியாக வருகிறது. ஆனால் நம் பக்கத்தில், மூத்தவரை அப்படி அழைக்கக் கை கூசும். அந்தக் கூச்சம் நியாயமானதுதான். அவருக்குப் பெயரோடு 'சார்' அல்லது 'மேடம்' சேர்த்து, மின்னஞ்சலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எழுதலாம். நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' வருவது ஏன்? சின்னவரிடம்கூட 'சொல்லுங்க', 'சரிங்க' என்று பேசுகிற ஊர் இது. மரியாதை வினையிலேயே ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தின் 'யூ' நீ, நீங்கள் இரண்டுக்கும் பொது. காணாமல் போன அந்த 'ங்க'வின் இடத்தில் 'சார்' வந்து உட்கார்கிறது. ஆகவே எல்லாச் 'சாரை'யும் அழித்துவிட்டால் மட்டும் போதாது. 'செக் அண்ட் ரிப்ளை சார்' என்பதில் கடைசிச் சொல்லை எடுத்தால் மிஞ்சுவது அதட்டல். மரியாதையை ஆங்கிலம் வைக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும்: 'கேன் யூ ப்ளீஸ் செக்'. தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு வணக்கமும் 'பார்த்துச் சொல்லுங்கள்' என்பதும் போதும்.

அந்த நண்பரோடு உட்கார்ந்து மின்னஞ்சலைத் திருத்தினோம். மேலே என் பெயரும் ஒரு 'சாரும்'. அடுத்த வரி: 'பெங்களூரா லோடு ஒன்றின் எடையும் பில்லும் ஒத்துப்போகவில்லை, லாரி காத்திருக்கிறது.' மூன்றாவது வரி: 'பதினொரு மணிக்குள் பார்த்துச் சொல்ல முடியுமா?' அனுப்பிப் பார்த்தோம். லாரி நிற்கும் செய்தி கைபேசியைத் திறக்காமலே தெரிந்தது.