"பூச்சு வெடிப்பு" என்று மூன்று தரம் காசு வாங்கினார்கள், இறங்கியது அத்திவாரம்

வலிகாமத்தில் வீடு கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ. குடிபுகுந்து முதல் மாரி முடியமுன்னரே குசினிச் சுவர் வெடித்த ஒரு வீட்டைப் பற்றியது. கட்டியவர் வந்து பார்த்து, "அண்ணை, இது பூச்சு வெடிப்பு, யோசிக்காதேங்கோ. கல்லுப் பூமி, எங்க இறங்கப்போகுது?" என்றார். வெடிப்பை வெட்டி, நிரப்பி, பெயின்ற் அடித்தார்கள். அடுத்த மாரியில் அதே இடம் திறந்தது. மூன்று தரம் இப்படி நடந்தது, மூன்று தரமும் வீட்டுக்காரரே காசு கொடுத்தார். அப்போதெல்லாம் ஒருவரும் மட்டம் பிடித்துப் பார்க்கவில்லை, அத்திவாரத்தடியில் ஒரு கிடங்கும் வெட்டிப் பார்க்கவில்லை.

பூச்சு வெடிப்பு என்பது மயிரிழை அளவில் சிலந்திவலை போலப் பரவி நிற்கும். பூச்சைக் கொத்தி எடுத்தால் உள்ளே கல்லில் ஒன்றும் இராது. இந்த வீட்டில் வெடிப்பு உள்ளும் புறமும் ஒரே இடத்தில் இருந்தது. யன்னலின் வீட்டுப்பக்கக் கீழ் மூலையிலிருந்து சரிந்து கீழே போனது. எதிர்ப்பக்க மேல் மூலையிலிருந்து கூரை நோக்கி, பின்மூலைப் பக்கமாக ஏறியது. கீழே ஒன்றரை மில்லிமீற்றர், மேலே ஆறு. இந்த இரண்டு அடையாளங்களும் போதும். சரிந்த வெடிப்பு மேலே ஏறஏற எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது. மூலை இறங்கினால் சுவர் அங்கே வளைந்து விலகுவதால் வாய் மேலே அகலும். நடுச்சுவர் இறங்கினால் இரண்டு பக்க வெடிப்பும் கூரை முகடு போல மேலே நெருங்கி வரும், வாய் கீழே அகலும்.

கூரைத் தட்டுக்குக் கீழே கிடையாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் வெயிலில் தட்டு விரிவதால் வருவது. தூணும் கல்லும் சேரும் இடத்தில் நேர்குத்தாக, ஒரே அகலத்தில் வருவதும் பெரும்பாலும் அத்திவாரப் பிரச்சினை அல்ல. வீட்டுத் தரைக்கும் சுவரோரம் ஒட்டிய தரைக்கல்லுக்கும் இடையில் மட்டும் இடைவெளி, சுவர் சுகமாக நிற்கிறது என்றால், தரைக்குக் கீழே போட்ட மண் இறுகாமல் இறங்கியிருக்கிறது. அதைச் சுவர் இறக்கத்தோடு சேர்த்துக் குழப்பவேண்டாம்.

அடுத்தது அளவு. மேசன்மார் பிடிக்கிற தண்ணீர் மட்டக் குழாயே போதும், உள்ளே காற்றுக்குமிழி மட்டும் நிற்கக்கூடாது. கட்டும்போது மட்டமாக வைத்த ஒரு கல்வரியை வெளிப்பக்கம் எடுத்து, வீட்டைச் சுற்றி மூலைக்கு மூலை குறிக்கவேண்டும். இந்த வீட்டில் முன்பக்கம் முழுக்க இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குள் நின்றது. குசினிப் பின்மூலை மட்டும், சுகமாக நின்ற இடத்திலிருந்து 14 அடி தூரத்தில், 22 மில்லிமீற்றர் கீழே. 14 அடி என்றால் ஏறக்குறைய 4,270 மில்லிமீற்றர். 194இல் ஒரு பங்கு இறக்கம். கல்லுச் சுவருக்கு 300இல் ஒரு பங்கைத் தாண்டினால் வெடிப்பை எதிர்பார்க்கலாம் என்பது பொறியியலில் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. இந்த நீளத்துக்கு அது 14 மில்லிமீற்றர். வரி வைத்தபோதே ஐந்து மில்லிமீற்றர் பிழை இருந்தது என்று கழித்தாலும் 17 மிஞ்சுகிறது. யன்னல் அடியும் அதே பக்கம் சரிந்திருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை.

இனித்தான் முக்கியமான கேள்வி. பிழை வீட்டுக்குக் கீறிய படத்திலா, கட்டியதிலா? வெடிப்பு மட்டும் இதைச் சொல்லாது. இரண்டு கிடங்கு வெட்டவேண்டும்: ஒன்று சுகமான மூலையில், மற்றது இறங்கிய மூலையில். இரண்டடிக்கு மூன்றடி போதும். அத்திவார அடிமட்டத்தோடு நிறுத்துங்கோ, அதற்குக் கீழே தோண்டினால் இருக்கிற பிடியும் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டையும் திறந்து வைக்கவேண்டாம். மாரியில் தொடவே வேண்டாம்.

முன்மூலையில் இரண்டடி நாலு அங்குலத்தில் சுண்ணக்கல், அத்திவாரம் அதன்மேலேயே இருந்தது. படத்தில் ஆழம் மூன்றடி. குறைவுதான், ஆனால் கல்லில் இருப்பதால் அங்கே அது பிழையல்ல. பின்மூலையில் அத்திவார அடி இரண்டடி இரண்டு அங்குலத்தில் நின்றது. அடியில் சாம்பல் மண், உடைந்த ஓடு, பொலித்தீன் பை. 12 மில்லிமீற்றர் கம்பியைக் கையால் அழுத்த, நிலமட்டத்திலிருந்து ஆறரை அடி வரை தடையில்லாமல் இறங்கி, பிறகுதான் கல்லில் முட்டியது. பக்கத்து வளவு ஐயாவிடம் கேட்டபோது, முந்தி அதில் கல்லுக் கிண்டிய கிடங்கு இருந்தது, பிறகு குப்பையும் மண்ணும் கொட்டி மூடினது என்றார். அப்படித் தளர்வாகக் கொட்டிய மண் மழைத் தண்ணீர் முதன்முறை நன்றாக ஊறும்போதே சடாரென்று அமரும். முதல் மாரியில் வெடித்தது அதனால்தான். பாதி வீடு கல்லில், பாதி கொட்டின மண்ணில்: முழுக்கத் தளர்ந்த மண்ணில் நிற்கும் வீட்டைவிட இது மோசம், ஏனென்றால் கல்லில் நிற்கும் பக்கம் அசையவே அசையாது.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கோ: படத்தில் உள்ளபடியே கட்டியிருந்தால் வெடிப்பு வந்திராதா? மூன்றடிக்குத் தோண்டியிருந்தாலும் கீழே இன்னும் மூன்றரை அடி கொட்டின மண். வெடிப்பு வந்தே இருக்கும். ஆகவே அடிப்படைப் பிழை படத்தில். எல்லாச் சுவருக்கும் ஒரே ஆழம் கீறி, உறுதியான நிலம் வரை தோண்டவேண்டும் என்ற ஒரு வரியும் எழுதாமல், காணியில் ஒரு சோதனைக் கிடங்கும் வெட்டாமல் கொடுத்த படம். அந்த மூலையில் கல் வரை இறக்கிய தூண்களின்மேல் பீம் ஓடியிருக்கவேண்டும்.

கட்டியவர் தப்பவில்லை. பத்து அங்குலம் ஆழம் குறைத்தது அவருடைய பிழை. அதைவிடப் பெரியது, வெட்டும்போது பொலித்தீனும் ஓடும் வந்ததைக் கண்டும் வேலையை நிறுத்தாமல் மூடியது. கம்பி மூன்றடியிலேயே கல்லில் முட்டியிருந்தால் கதை மாறும்: படம் சரி, முழுப்பிழையும் கட்டியவருடையது. படத்தில் "உறுதியான நிலம் வரை" என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அதனால் கிடங்கு வெட்டமுன்னர் அங்கீகாரம் பெற்ற படத்தின் பிரதியைக் கையில் எடுத்துவையுங்கோ; பேச்சில் சொன்ன ஆழம் செல்லாது.

வெடிப்பை மூடச் சம்மதிக்கமுன்னர் அளவுகோலோடு படம் எடுங்கோ. இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடைத்தூரத்தை வேர்ணியர் அளவுகோலால் மாதம் ஒருதரம், ஐப்பசியிலிருந்து தை வரையாவது குறியுங்கோ. தூரம் கூடிக்கொண்டே போனால் எந்தப் பூச்சும் நிற்காது. அத்திவாரத்தைக் கல் வரை கீழிறக்குவதுதான் வழி. அதையும் மூன்று நாலு அடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கொங்கிறீற்று இட்டு, அது இறுகிய பிறகே பக்கத்துத் துண்டைத் திறக்கவேண்டும். சுவர் நீளத்துக்கு ஒரேயடியாகத் திறக்கிறேன் என்று சொல்பவரை வளவுக்குள் விடாதேங்கோ.